நேரில் பேசும்போது நேரடி மொழிபெயர்ப்பு: தமிழ்–ஜெர்மன் உரையாடலுக்கு எப்படி அமைப்பது?

நித்யா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. இப்போது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார். அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். வருகிறவர் ஜெர்மன் மட்டுமே பேசுவார். இதுவரை நான் நடுவில் அமர்ந்து இருவருக்கும் சொல்லி வந்தேன். அடுத்த வாரத்திலிருந்து அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில் இருப்பேன் என்பதால், கைப்பேசியில் உள்ள நேரடி மொழிபெயர்ப்பை வைத்து அவர்கள் இருவரும் தாங்களாகவே பேசிக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறேன்.

நான் உடனிருக்கும்போதே ஒரு முறை சோதித்துப் பார்த்தோம். இரண்டு சிக்கல்கள் தெரிந்தன. முதலாவது, அம்மா பேசி முடிப்பதற்கு முன்பே கருவி பாதி வாக்கியத்தை எடுத்துக்கொண்டு ஜெர்மனில் பேசத் தொடங்கிவிடுகிறது. இரண்டாவது, அம்மா "காலை முழுசா மடக்க முடியல" என்று சொன்னபோது, திரையில் தமிழ் சரியாகவே வந்தது. ஆனால் ஜெர்மனில் "காலை வேளையில் முழுமையாக மடக்க முடியவில்லை" என்ற பொருளில் போயிற்று. அவரும் தலையசைத்து, "அப்படியானால் மாலையில் பரவாயில்லையா" என்று கேட்டார். எனக்கு ஜெர்மன் தெரிந்ததால் அங்கேயே திருத்தினேன். நான் இல்லாவிட்டால் அது அப்படியே அவருடைய குறிப்பேட்டில் ஏறியிருக்கும்.

கருவியைத் தானியங்கி முறையில் விடுவதா, ஒவ்வொருவரும் பொத்தானைத் தொட்டுப் பேசுவதா, அம்மாவை எப்படிப் பழக்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அம்மா கண்ணாடி அணிந்து தமிழ் நன்றாகப் படிப்பார்.

---

மாலைத்தென்றல் எழுதியது:

இதற்குத் தனியாக எதுவும் தேவையில்லை, சகோதரி. காணொளி அழைப்பில் வசன வரிகளை இயக்கும் வசதி இருக்கிறது. அதில் மொழியைத் தேர்ந்தெடுத்தால் எதிரில் இருப்பவர் பேசுவது கீழே எழுத்தாக ஓடும். நான் வெளிநாட்டுக் கூட்டங்களுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். அம்மாவுக்கு ஒரு மடிக்கணினியும் அவருக்கு ஒரு மடிக்கணினியும் வைத்தால் போதும்.

---

நித்யா எழுதியது:

நன்றி ஐயா. ஆனால் இருவரும் ஒரே அறையில் இருப்பார்கள், அதிலும் அம்மா பெரும்பாலும் கட்டிலில் படுத்தோ காலை நீட்டி அமர்ந்தோ இருப்பார். காணொளி அழைப்பு இந்த நிலைக்குப் பொருந்தாது. எழுத்து மட்டும் ஓடினாலும் போதாது. அவர் பேசுவது அம்மாவுக்குத் தமிழில் கேட்கவும் வேண்டும்.

---

வெண்பா விரும்பி எழுதியது:

சிக்கல் கருவியில் இல்லை, நாம் பேசும் தமிழில் இருக்கிறது என்பதே என் கருத்து. "மடக்க முடியல" என்பது பேச்சு வழக்கு. "என்னால் காலை முழுமையாக மடக்க இயலவில்லை" என்று செய்தி வாசிப்பவரைப் போலத் திருத்தமாகச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். தானியங்கி முறையையே வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த மொழியில் பேசுகிறார் என்பதை அது தானே கண்டுகொள்ளும், முதியவர்கள் பொத்தானைத் தேட வேண்டியதில்லை. அம்மாவுக்குக் காதில் ஒரு கம்பியில்லாச் செவிப்பொறியையும் மாட்டிவிட்டால் ஒலி தெளிவாகக் கேட்கும்.

---

செவிவழி எழுதியது:

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களைத் தமிழில் சோதிப்பது என் வேலை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வெண்பா விரும்பி சொன்னதில் பாதியை ஏற்கிறேன், மறுபாதி நித்யாவின் அம்மாவுக்குத் தீங்காகவே முடியும்.

முதலில் அந்தக் 'காலை' விவகாரம். அதற்கும் பேச்சு வழக்குக்கும் தொடர்பே இல்லை. "என்னால் காலை முழுமையாக மடக்க இயலவில்லை" என்று அட்சர சுத்தமாகச் சொன்னாலும் அந்தச் சொல் பொழுதைக் குறிக்கலாம், உறுப்பையும் குறிக்கலாம். இந்தக் கருவிகள் பலவற்றில் மூன்று கட்டங்கள் உள்ளன: ஒலி எழுத்தாகிறது, எழுத்து மொழிபெயர்க்கப்படுகிறது, மொழிபெயர்ப்பு குரலாகிறது. மொழிபெயர்க்கும் கட்டத்துக்கு அறையில் நடப்பது எதுவும் தெரியாது. அம்மா முழங்காலைத் தொட்டுக் காட்டியபடி பேசுவதையும் அது பார்க்கவில்லை. கையில் இருக்கும் ஒற்றை வாக்கியத்தை வைத்து ஊகிக்கிறது. எனவே ஊகத்துக்கு இடம் கொடுக்காத சொல்லைப் பயன்படுத்துவதுதான் வழி. "முழங்காலை மடக்க முடியல", "வலது காலை மடக்க முடியல" என்று சொல்லச் சொல்லுங்கள். பொழுதைச் சொல்லும்போது "காலையில்", "காலை நேரத்தில்" என்று சொல்லட்டும்.

இனி, பாதியில் வெட்டுவது. கருவி நம் வாக்கியம் முடிந்துவிட்டதை இலக்கணத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பெரும்பாலும் சிறிது நேரம் ஒலி நின்றால் முடிந்துவிட்டது என்று கொள்கிறது. தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. செய்தாரா, செய்யவில்லையா, செய்யக் கூடாதா என்பதெல்லாம் வினைமுற்றில்தான் தெரியும். முதியவர்கள் அந்த வினைமுற்றுக்கு முன்னால்தான் மூச்சு விடுவார்கள், யோசிப்பார்கள். "படி ஏறும்போது வலி..." என்று அம்மா நிறுத்தினால், "படி ஏறும்போது வலி" என்று ஜெர்மனில் போய்விடும். பின்னால் வரும் "இல்லை" என்பது தனி வாக்கியமாக, எதற்குமே பதிலில்லாத ஒரு மறுப்பாகப் போய்ச் சேரும். கேட்பவர் மனத்தில் முதல் பாதிதான் நிற்கும்.

ஆகவே, இந்தச் சூழலுக்குத் தானியங்கி முறை வேண்டாம் என்பேன். ஒவ்வொரு மொழிக்கும் தனி ஒலிவாங்கிப் பொத்தான் உள்ள முறையைப் பயன்படுத்துங்கள். ஆனால் பொத்தான்களும் எல்லாச் செயலிகளிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சிலவற்றில் மறுபடி தொடும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். சிலவற்றில் ஒரு முறை தொட்டால், மௌனம் வந்தவுடன் தானே மூடிக்கொள்ளும். உங்களுடையது எந்த வகை என்று அறிய, பொத்தானைத் தொட்டு "நான் இன்றைக்கு" என்று மட்டும் சொல்லி, மூன்று வினாடி சும்மா இருந்துவிட்டு, "வரவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒரே வாக்கியமாக வந்தால் அம்மா நிதானமாகப் பேசலாம். தனித்தனியாக வந்தால், என்ன சொல்லப் போகிறோம் என்பதை மனத்தில் முடித்துக்கொண்டு பிறகு பொத்தானைத் தொடும்படி பழக்க வேண்டும்.

அம்மா தமிழ் படிப்பார் என்பது பெரிய வசதி. பேசியதும் தமிழில் என்ன எழுத்தாயிற்று என்று ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயே தவறென்றால், மொழிபெயர்ப்பைக் கேட்கவே வேண்டாம். கையால் 'வேண்டாம்' என்று காட்டிவிட்டு மறுபடி சொல்லலாம்.

செந்தமிழைப் பற்றி: "போட்டுக்கிட்டேன்", "வரல" போன்ற பொதுப் பேச்சு வடிவங்களை இன்றைய கருவிகள் ஓரளவு நன்றாகவே எடுத்துக்கொள்கின்றன, வட்டார உச்சரிப்பு கனமாகும்போதும், ஈற்றெழுத்து விழுங்கப்படும்போதும்தான் தடுமாறுகின்றன. பழக்கமில்லாதவரை மேடைத் தமிழ் பேசச் சொன்னால் ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அந்த நிறுத்தங்களே வாக்கியத்தைத் துண்டாக்கும். இயல்பாகப் பேசட்டும், வினைமுற்றை மட்டும் விழுங்காமல் முழுதாகச் சொல்லட்டும்.

---

திருகாணி எழுதியது:

நான் பெரிய இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். இத்தாலி மொழி மட்டும் பேசும் ஒரு பொறியாளரோடு இதே கருவியை வைத்து ஒரு நாள் முழுக்க வேலை செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: சொற்களை விட எண்கள்தான் காலை வாரின. எண்பது என்றால் எண்ணூறு, எழுபது என்றால் எழுநூறு, தொண்ணூறு என்றால் தொள்ளாயிரம் என்று, இரைச்சலில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். கடைசியில் எண் வரும் இடங்களிலெல்லாம் ஒரு தாளில் இலக்கமாக எழுதிக் காட்டுவதென்று முடிவு செய்தோம். அதற்குப் பிறகு தகராறே இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். கருவி மொழிபெயர்ப்பைச் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் அவசரப்பட்டுப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். அந்தப் பதிலின் முதல் சில சொற்கள் பதிவாகவே இல்லை. கருவி பேசும்போது கேட்பதை நிறுத்திவிடுகிறது போலும். குரல் முடியும் வரை இருவரும் வாயைத் திறக்கக் கூடாது.

நித்யா, பிசியோதெரபிஸ்ட் பத்து முறை செய், பதினைந்து முறை செய் என்று சொல்வார் அல்லவா? ஒரு சிறிய பலகையும் பேனாவும் கட்டில் அருகே வையுங்கள்.

---

உரைபெயர் எழுதியது:

நான் தொழில்முறை வாய்மொழி மொழிபெயர்ப்பாளர். மருத்துவமனைகளுக்கும் செல்வதுண்டு. கருவிக்கு எதிரானவர் என்று என்னை நினைக்க வேண்டாம். நலம் விசாரிக்க, தண்ணீர் கேட்க, 'இன்னும் சற்று மெதுவாக' என்று சொல்ல நானே அதைப் பரிந்துரைப்பேன். ஆனால் அறுவை சிகிச்சை முடிந்த காலின் மேல் எவ்வளவு எடை வைக்கலாம், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பதைக் கருவியிடம் விடுவது எனக்கு ஏற்புடையதன்று. ஜெர்மனிலும் மறுப்புச் சொல் பல வேளைகளில் வாக்கியத்தின் கடைசிப் பகுதியில்தான் வரும். "அந்தக் காலின் மேல் எடையை ஊன்றக் கூடாது" என்று அவர் சொல்ல வரும்போது, 'கூடாது' என்பதைச் சுமக்கும் சொல்லுக்கு முன்னால் அவர் மூச்சு வாங்கினால், அம்மாவின் காதில் விழுவது 'அந்தக் காலின் மேல் எடையை' என்பது மட்டுமாக இருக்கலாம். அல்லது கருவி தானே ஒரு வினையை இட்டு நிரப்பி, எடையை ஊன்றச் சொல்லியும் விடலாம். செவிவழி சொன்ன ஆபத்து இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது.

ஒரு மனித மொழிபெயர்ப்பாளர் இந்த இடத்தில் செய்வது மொழிபெயர்ப்பு மட்டுமன்று. பொருள் இரண்டாகத் தோன்றினால், 'எந்தக் கால், எப்போது' என்று திரும்பக் கேட்பார். கருவி கேட்பதில்லை. சந்தேகம் இருந்த வாக்கியத்தையும் சந்தேகமே இல்லாத வாக்கியத்தையும் அது ஒரே நிதானமான குரலில் சொல்கிறது. அதனால் கேட்பவருக்கு எச்சரிக்கை எதுவும் கிடைப்பதில்லை. கட்டாயமான அறிவுரைகளுக்குத் தொலைபேசி வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரையோ, முடிந்தால் நித்யாவையோ அழைப்பதுதான் முறை.

மேலும், பல செயலிகளில் பேச்சு இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிகளுக்குச் சென்று திரும்புகிறது. உடல்நிலை பற்றிய பேச்சு என்பதால், தொடங்கும் முன் வருகிறவரிடம் ஒப்புதல் கேட்பது நல்லது. சில மருத்துவ நிறுவனங்கள் தங்கள் ஊழியர்கள் இவ்வாறு பேசுவதை அனுமதிப்பதில்லை.

---

வெண்பா விரும்பி எழுதியது:

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொத்தான், திரை, தாள், தொலைபேசி என்று அடுக்கினால் அது உரையாடலாகவா இருக்கும்? கருவிகள் மிக வேகமாக முன்னேறிவிட்டன. கூகுள் டிரான்ஸ்லேட் செயலியில் 2025 ஆகஸ்டில் அறிமுகமான நேரடி உரையாடல் வசதி 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. தமிழையும் அவர்கள் பெயர் சொல்லியே குறிப்பிட்டார்கள். நிறுத்தங்களையும் உச்சரிப்பு வேறுபாடுகளையும் அது புரிந்துகொள்கிறது என்றே அறிவித்தார்கள். பழைய அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறீர்கள்.

---

செவிவழி எழுதியது:

அந்த அறிவிப்பு உண்மைதான். முதலில் அமெரிக்கா, இந்தியா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் திறந்தார்கள். நிறுத்தங்களைக் கையாளுவதில் முன்னேற்றம் இருப்பதையும் மறுக்கவில்லை. கைப்பேசியோடு உள்ளமைந்து வரும் வேறு சில மொழிபெயர்ப்பு வசதிகளில் தமிழே இல்லாதபோது இது பெரிய மாற்றம்தான். ஆனால் நேரடியாக ஓடும் முறையில், திரையில் வரும் வரி இறுதியானதன்று என்பதை மறக்கக் கூடாது. தமிழ் வாக்கியம் பாதி வந்த நிலையில் ஜெர்மன் வரி ஒன்று தோன்றும். வினைமுற்று வந்ததும் அந்த வரி தலைகீழாக மாறும். "மாத்திரையை தினமும்" என்பது வரை வந்தபோது 'தினமும் மாத்திரை' என்று காட்டியது, "எடுக்கல" வந்ததும் 'எடுக்கவில்லை' என்று திருத்திக்கொள்ளும். திருத்தம் நடப்பதற்குள் எதிரில் இருப்பவர் படித்துவிட்டு நிமிர்ந்துவிட்டால் போயிற்று. வரி அசையாமல் நின்ற பிறகு படிக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.

செவிப்பொறி பற்றி முன்பே எழுத நினைத்தேன். புளூடூத் செவிப்பொறியை இணைத்தால், பல கைப்பேசிகள் தங்கள் ஒலிவாங்கியை விட்டுவிட்டுச் செவிப்பொறியின் ஒலிவாங்கி வழியே கேட்கத் தொடங்கும். அது அம்மாவின் காதருகே இருப்பதால், கட்டிலின் மறுமுனையில் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிசியோதெரபிஸ்ட்டின் குரல் மங்கிப் போகும். கைப்பேசியை இருவருக்கும் நடுவில், அடிப்பக்கம் மூடாதபடி வைப்பதே மேல். பெரும்பாலான கைப்பேசிகளில் முதன்மை ஒலிவாங்கி அடி விளிம்பில்தான் இருக்கிறது. மெத்தையில் நிறுத்தி வைத்தால் அது அடைபடும்.

இனி ஒரு வாக்கியத்தை எடுத்து முழுதாகப் பார்ப்போம், ஏனெனில் சோதிக்கும் முறை அதில்தான் புரியும். அம்மா இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "நேத்து ராத்திரி மாத்திரை போட்டுக்கிட்டு தூங்கல." இதில் நிறுத்தமும் இல்லை, இரண்டு பொருள் தரும் 'காலை'யும் இல்லை. ஆனாலும் 'மாத்திரை போட்டும் தூக்கம் வரவில்லை' என்றும் கொள்ளலாம், 'மாத்திரை போடாமலே தூங்கினேன்' என்றும் கொள்ளலாம். நாம் குரலை வைத்துப் பிரித்தறிகிறோம். எழுத்தாக்கத்தில் அந்தக் குரல் தொலைந்துவிடுகிறது. கருவி ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து உறுதியாகச் சொல்லும். பிசியோதெரபிஸ்ட்டுக்கு இரண்டும் முற்றிலும் வேறு செய்திகள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே நடைமுறை வழி, வந்த ஜெர்மன் வாக்கியத்தை மறுபடி தமிழுக்குத் திருப்பிப் பார்ப்பது. "நான் நேற்று இரவு மாத்திரை எடுத்துக்கொண்டு தூங்கவில்லை" என்று அதே மங்கலான வாக்கியம் திரும்பி வந்தால் தேர்வு நமக்குப் புலப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருப்பிப் பார்ப்பது எல்லாப் பிழையையும் காட்டாது, பெரிய பிழைகளைத்தான் காட்டும். ஆகவே பிழைக்கு முன்பே வாக்கியத்தைப் பிரித்துவிடுவது நல்லது: "நேத்து ராத்திரி மாத்திரை போட்டேன். ஆனா தூக்கம் வரல." எச்சத்தை எச்சத்தோடு கோத்து நீட்டாமல், ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வினைமுற்று. அம்மாவைப் பழக்க வேண்டியது இந்த ஒன்றில்தான் என்று நினைக்கிறேன். மற்றவற்றை அமைப்பால் சரிசெய்யலாம்.

ஜெர்மன் பக்கத்திலும் ஒரு கண்ணி உண்டு. மரியாதையாக 'நீங்கள்' என்பதற்கும் 'அவர்கள்' என்பதற்கும் அவர்கள் வாயில் வருவது 'ஸீ' என்ற ஒரே ஒலிதான். 'அவள்' என்பதும் அதே ஒலி. எழுத்தில் முதலெழுத்தைப் பெரிதாக்கி ஓரளவு பிரிப்பார்கள், பேச்சில் அது கிடையாது. எனவே அம்மாவிடம் அவர் சொல்லும் அறிவுரை சில நேரம் "அவர்கள் பத்து முறை செய்ய வேண்டும்" என்று தமிழில் வரும். அறையில் வேறு யாரும் இல்லை என்பதால் அம்மா ஊகித்துக்கொள்வார். ஆனால் 'உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவர் சொன்னார், அவர் இதைச் செய்ய வேண்டும்' என்பது போல வரும்போது குழப்பம் நிச்சயம். அதோடு, தமிழுக்கும் ஜெர்மனுக்கும் இடையே பல கருவிகள் ஆங்கிலத்தை இடைவழியாகக் கொண்டே போகின்றன. 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு அந்த வழியில் கரைந்துவிடுகிறது. அவர் அம்மாவை ஒருமையில் அழைப்பதாக வந்தால், மனிதரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

---

உரைபெயர் எழுதியது:

செவிவழி, வாக்கியத்தைப் பிரிக்கும் உங்கள் யோசனை சரி. ஆனால் வலியில் இருக்கும் ஒருவர் வினைமுற்றை எண்ணிக்கொண்டு பேசுவார் என்று எதிர்பார்ப்பது அதிகம். பயிற்சியின் நடுவே வலி கூடினால் அவர் எந்தக் கருவியையும் பார்க்க மாட்டார். அந்தக் கணத்துக்குச் சொல்லே தேவைப்படாத ஒரு சைகையை முதல் நாளே இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்: உள்ளங்கையை உயர்த்தினால் உடனே நிறுத்த வேண்டும். வலியின் அளவைச் சொல்ல 0 முதல் 10 வரை எழுதிய ஓர் அட்டை போதும், விரலை வைத்துக் காட்டலாம். மொழிபெயர்ப்பு தேவைப்படும் பேச்சை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள்.

---

திருகாணி எழுதியது:

அட்டை யோசனைக்கு என் வாக்கு. கூடவே ஒன்று: இணையம் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுங்கள். மொழிக் கோப்பைப் பதிவிறக்கி வைத்திருந்தால் தட்டச்சு செய்தது மொழிபெயரும், ஆனால் பேச்சு அப்படி நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. விமானப் பயன்முறையில் வைத்து ஒரு முறை பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் தொழிற்கூடத்தின் அடித்தளத்தில் அலைவரிசை கிடைக்காமல், அந்த இத்தாலியரும் நானும் படம் வரைந்தே பேசினோம். படம் வரைவதில் அவர் கெட்டிக்காரர், அது வேறு.

---

நித்யா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று விடுப்பு எடுத்து, அடுத்த அறையில் இருந்துகொண்டு, அவர்கள் இருவரையும் தனியே பேச விட்டேன். பிசியோதெரபிஸ்ட்டிடம் முதலிலேயே ஒப்புதல் கேட்டேன். தம் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் கருவியில் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

எங்கள் செயலியில் பொத்தானைத் தொட்டபின் மௌனம் வந்தால் தானே மூடிக்கொள்ளும் வகை என்று சோதனையில் தெரிந்தது. அம்மா சொல்ல வேண்டியதை முதலில் முணுமுணுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பொத்தானைத் தொட்டார், நன்றாகவே நடந்தது. "வலது முழங்காலை மடக்கும்போது உள்பக்கம் வலிக்குது. நீட்டும்போது வலிக்கல" என்று இரண்டு முறை தொட்டு இரண்டு வாக்கியமாகச் சொன்னார். இரண்டும் சரியாகப் போயின. திரையில் தமிழைப் படித்துவிட்டு ஒரு வாக்கியத்தை அவரே தள்ளுபடி செய்ததையும் பார்த்தேன். 'முட்டி' என்றது 'முட்டை' என்று எழுத்தாகியிருந்தது. அன்றிலிருந்து 'முழங்கால்' மட்டுமே.

தொல்லை மறுபக்கம்தான். அவர் வேலை செய்துகொண்டே பேசுபவர். இரு கைகளும் அம்மாவின் காலில் இருக்கும்போது பொத்தானை எப்படித் தொடுவார்? அம்மா அவருக்காக ஜெர்மன் பொத்தானைத் தொட்டுக் கொடுத்தார், ஆனால் எப்போது தொட வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியவில்லை; பாதி வாக்கியம் போன பிறகே தொட்டார். பிறகு தானியங்கி முறைக்கு மாற்றினோம். அப்போது அம்மா வலியில் சொன்ன "ம்ம்", "ஐயோ", "சரி" எல்லாவற்றையும் அது ஜெர்மன் சொற்களாகக் கேட்டு, தமிழில் ஏதேதோ பேசத் தொடங்கிவிட்டது. இருவரும் சிரித்துவிட்டார்கள் என்றாலும் பயிற்சி நின்றுபோனது.

எடை ஊன்றுவது பற்றிய அறிவுரையை மட்டும் உரைபெயர் சொன்னபடி என்னை அழைத்துச் சொல்லச் செய்தேன். அதையே ஜெர்மனில் எழுதிக் கேட்டு, நான் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

---

செவிவழி எழுதியது:

மிகச் சிறிய சொற்களில் மொழியைக் கண்டறிவது தானியங்கி முறையின் பலவீனமான இடம். 'ம்ம்' என்பதில் எந்த மொழியின் அடையாளமும் இல்லை. இதற்கு அமைப்பில் மாற்று ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை. வேலையைப் பேச்சிலிருந்து பிரித்துப் பாருங்கள்: பயிற்சிக்கு முன் அவர் கையை எடுத்துவிட்டு, என்ன செய்யப் போகிறார் என்று பொத்தான் முறையில் சொல்லட்டும், பயிற்சியின்போது கருவி மூடியிருக்கட்டும், சைகையும் அட்டையும் மட்டும், முடிந்ததும் மறுபடி பேச்சு.

---

வெண்பா விரும்பி எழுதியது:

தானியங்கி முறை வலியில் இருப்பவருக்கு ஒத்துவராது என்பதை ஏற்கிறேன். அமைதியாக அமர்ந்து பேசும் இருவருக்கு அதுதான் இயல்பானது என்ற கருத்தில் மாற்றமில்லை. என் வீட்டுக்கு வந்த விருந்தினரோடு நெடுநேரம் அப்படியே பேசியிருக்கிறேன்.

---

உரைபெயர் எழுதியது:

விருந்தினர் தவறாகப் புரிந்துகொண்டால் பேச்சு வேறு திசையில் போகும், அவ்வளவுதான். அதை நீங்கள் அறியாமலும் இருந்திருக்கலாம். நித்யா, சுவரில் ஒட்டிய தாளில் ஜெர்மன் மூலத்தையும் கீழே எழுதி வையுங்கள். அடுத்த முறை அவர் ஏதாவது மாற்றினால், எந்த வரியை மாற்றுகிறார் என்று விரலால் காட்ட முடியும்.

---

நித்யா எழுதியது:

அப்படியே செய்கிறேன். இன்னொரு கேள்வி: இரண்டு கைப்பேசிகளை ஒரே உரையாடலில் இணைத்து, அவருடையதைச் சட்டைப்பையில் வைத்தபடியே பேச முடியும் என்று ஒரு செயலியின் விளக்கத்தில் படித்தேன். அதில் அவர் பொத்தானைத் தொட வேண்டியிருக்காதா? தமிழில் யாராவது அதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

---

திருகாணி எழுதியது:

தமிழில் பார்த்ததில்லை. சட்டைப்பையில் வைத்தால் துணி உரசும் ஒலியும் சேர்ந்து பதிவாகும் என்பது மட்டும் தெரியும்; கழுத்துப் பட்டியில் மாட்டும் சிறிய கம்பி ஒலிவாங்கியை அவர் கைப்பேசியில் செருகிப் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், எனக்கும் அடுத்த மாதம் தேவைப்படும்.